கிணற்றுக்கு முகம் கழுவும் நாள்

நான்கு வருடமாக ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு, கூட வேலை செய்தவர்கள் 'பூஜ்யம்' என்று பெயர் வைத்ததில் தப்பொன்றும் இல்லை. எரிவாயுக் கிணறுகளின் தலையில் உள்ள மீட்டர்களைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. அந்த வளாகத்தில் மூன்று கிணறுகள். முதல் இரண்டும் சாதுவான பிள்ளைகள். வம்பெல்லாம் மூன்றாவதோடுதான்.

மூன்றாவது கிணற்றின் பக்கவாட்டில், பெரிய வால்வுகளுக்குக் கீழே, ஆள் குனிந்தால்தான் கண்ணில் படும்படி ஒரு சின்ன மீட்டர் இருந்தது. உள்ளே இறங்கும் இரும்புக் குழாய்க்கும் அதைச் சுற்றியுள்ள பெரிய குழாய்க்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. அந்த இடுக்கில் எவ்வளவு அழுத்தம் என்று சொல்வதுதான் அந்த மீட்டரின் பிறவிப் பயன். இடுக்கை அடைத்த சிமெண்ட் ஒழுங்காகப் பிடித்திருந்தால் அங்கே எதுவும் இருக்கக் கூடாது. முள் பூஜ்யத்தில் படுத்துத் தூங்க வேண்டும். மூன்றாவது கிணற்றின் முள்ளுக்குத் தூக்கமே வருவதில்லை. சாதாரண நாளில் முப்பத்துநான்கு 'பார்' அழுத்தத்தில் விழித்துக்கொண்டிருக்கும்.

அதற்கு நிறுவனம் ஒரு வைத்தியம் வைத்திருந்தது. அரசு ஆய்வு வரும் நாளில், காலை எட்டு மணிக்கு, பூஜ்யம் ஒரு ஸ்பேனரோடு போய்ப் பக்க வால்வைத் திறப்பார். பத்து நிமிடம் பாம்பு சீறுகிற மாதிரி சத்தம் வரும். பிறகு சத்தம் அடங்கும். முள் இறங்கிப் படுக்கும். வால்வை மூடிவிட்டு, துணியால் மீட்டரின் கண்ணாடியையும் ஒரு துடை துடைத்துவிட்டு வருவார். இதற்கு அங்கே 'முகம் கழுவுறது' என்று பெயர். ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வருவார், குனிவார், பூஜ்யம் என்று பார்ப்பார், பூஜ்யம் என்று எழுதுவார், பூஜ்யத்திடமே பேனாவைத் திருப்பிக் கொடுப்பார். பத்து மணிக்கெல்லாம் முள் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடும். அப்போது பார்க்கத்தான் யாரும் இருக்க மாட்டார்கள்.

இதைப் பொய் என்று பூஜ்யம் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த மீட்டரை ஆய்வு நாளில் மட்டும்தான் பதிவேட்டில் ஏற்றுவார். மீட்டர் பூஜ்யம் காட்டியது, அவர் பூஜ்யம் எழுதினார். எழுத்தில் எங்கே பொய்? பதிவேட்டில் 'வால்வு கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மட்டும் அவர் எதுவும் எழுதுவதில்லை. எழுதாதது எப்படிப் பொய்யாகும் என்பது அவர் கட்சி. மனசாட்சிக்கும் அவருக்கும் இப்படி ஓர் உடன்படிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் பெரியது. அதே வளாகத்தில் இன்னும் மூன்று கிணறுகள் தோண்டி, பாறையை உடைக்க நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. பழைய கிணறுகள் சுத்தமாக இருந்தால்தான் புதியவற்றுக்கு அனுமதி. போதாக்குறைக்கு, பழைய ஆய்வாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக ஓர் அம்மா வந்திருந்தார்.

"எட்டு மணிக்கே முகத்தைக் கழுவிடுங்க. நல்லா பளிச்சுனு இருக்கணும்" என்றார் மேனேஜர்.

பூஜ்யம் கழுவினார். பளிச்சென்றுதான் இருந்தது.

ஆய்வாளரம்மா ஒன்பது மணிக்குச் சரியாக வந்தார். தோளில் ஒரு கனமான பை. வந்ததும் வராததுமாக, "கிணத்தைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றார். மேனேஜர் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் மேனேஜருக்குப் பேச்சு என்றால் உயிர். புதிதாக ஒரு காது கிடைத்தால் விடுவாரா?

"முதல்ல ஒரு சின்ன அறிமுகம் மேடம். அரை மணி நேரம்தான்" என்றார்.

கூட்ட அறையில் திரை இறங்கியது. இந்தப் பேச்சைப் பூஜ்யம் நாற்பது தடவையாவது கேட்டிருப்பார். எந்த இடத்தில் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றுவார், எந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார் என்பதுகூட மனப்பாடம். முதலில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து ஆய்வாளரம்மாவின் கையில் கொடுப்பார். கொடுத்தார்.

"இதுதான் மேடம் ஷேல். ஒரு காலத்துல கடலடிச் சேறு. இதுக்குள்ள கேஸ் இருக்கு. ஆனா வெளிய வராது. ஏன்? உள்ள லட்சக்கணக்கான ரூம் இருக்கு, ஒரு ரூமுக்கும் கதவு கிடையாது. மத்த பாறையில துளை போட்டா கேஸ் தானா ஓடி வரும். இதுல துளை போட்டுட்டு உக்காந்தா நமக்கு நரைதான் வரும்."

இந்த இடத்தில் சிரிக்க வேண்டும். பூஜ்யம் கடமை தவறாமல் சிரித்தார். ஆய்வாளரம்மா சிரிக்கவில்லை. அது மேனேஜரை உசுப்பிவிட்டது. சிரிக்காத ஆளைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர் நேராகக் கீழே போகிறோம் என்றார். அங்கிருந்து குழாயைத் திருப்பிப் படுக்கைவாட்டில் ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்றார். குழாயில் வெடி வைத்துத் துளை போட்டு, தண்ணீரும் மணலும் கொஞ்சம் ரசாயனமும் கலந்து பயங்கர அழுத்தத்தில் உள்ளே அடிக்கிறோம், பாறை விரிசல் விடும், விரிசலுக்குள் மணல் போய் நின்றுகொள்ளும், அழுத்தத்தை எடுத்த பிறகும் விரிசல் மூடாதபடி மணல் முட்டுக்கொடுக்கும் என்றார். "அவ்வளவுதான் மேடம். கதவில்லாத ரூமுக்குக் கதவு வைக்கிறோம். நாங்க பாறை ஆசாரிங்க!"

பிறகு வந்தது அவருடைய மாஸ்டர்பீஸ். மேசையின் ஒரு ஓரத்தில் கறுப்புக் கல்லை வைத்தார். மறு ஓரத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை வைத்தார். "இது பாறை. அது ஜனங்க குடிக்கிற நிலத்தடித் தண்ணி, எழுபது எண்பது மீட்டர்ல இருக்கு. விரிசல் மேல ஏறினா நூறு மீட்டர் ஏறும், மிஞ்சிப்போனா இன்னும் கொஞ்சம். நடுவுல ரெண்டு கிலோமீட்டர் கெட்டிப் பாறை. எப்படி மேடம் போய்ச் சேரும்?"

இதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. அதுதான் இந்தப் பேச்சின் அழகு. ரெண்டு கிலோமீட்டர் பாறையைத் துளைத்துக்கொண்டு ஒரு விரிசல் தண்ணீர் குடிக்க வராது. ஆனால் அந்தப் பாட்டிலிலிருந்து கல் வரைக்கும் ஒரு குழாய் போகிறதே, அதை மேசையில் மேனேஜர் ஒருநாளும் வைத்ததில்லை. குழாய் தண்ணீரைக் கடந்துதான் கீழே போகிறது. குழாயைச் சுற்றிச் சிமெண்ட் சரியாகப் பிடிக்காமல் மயிரிழை இடைவெளி விட்டால் போதும், வழியில் உள்ள சின்னச் சின்ன அடுக்குகளிலிருந்தெல்லாம் வாயு அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். பாறையை உடைத்து வர வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது, வாசலே திறந்திருக்கும்போது?

ஆய்வாளரம்மா கேட்ட ஒரே கேள்வி அதுதான். "குழாய் எங்க சார்?"

"வர்றேன் மேடம், ஐம்பத்தி ரெண்டாவது ஸ்லைடு" என்றார் மேனேஜர். அப்போது திரையில் இருபத்தி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

பூஜ்யம் மணி பார்த்தார். சுவர்க் கடிகாரம் பத்தே முக்காலைக் காட்டியது. அரை மணி நேரம்தான் என்ற மனிதர் ஒன்றே முக்கால் மணி நேரமாக வாய் கிழியப் பேசுகிறார். அங்கே முள் சும்மாவா இருக்கும்? கண்ணால் சைகை காட்டினார். மேனேஜர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். இருமினார். மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். கடைசியில் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, "நீங்க போய்க் கிணத்தை ஒரு தடவை பாத்துட்டு வாங்க, மேடம் வர்றதுக்குள்ள" என்றார். 'பாத்துட்டு' என்பதில் கொஞ்சம் அழுத்தம்.

பூஜ்யம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். குனிந்தார். முள் பதினொன்றில் நின்றது. எட்டரைக்குள் படுக்கவைத்த பிள்ளை, இரண்டரை மணி நேரத்தில் எழுந்து தவழ்ந்து பதினொன்றுக்கு வந்திருந்தது. பரவாயில்லை, மூன்று நிமிட வேலை. ஸ்பேனரை வால்வில் மாட்டினார். அப்போது போன் அடித்தது.

தங்கச்சி. வளாகத்து வேலியிலிருந்து முந்நூறு மீட்டரில் அவளும் அவள் புருஷனும் பூச்செடி நர்சரி வைத்திருந்தார்கள். எழுபது மீட்டர் ஆழத்துக்கு ஒரு போர், அதன் மேல் நாலு சுவரும் கான்கிரீட் கூரையும் போட்ட சின்ன மோட்டார் அறை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் அதுதான் தண்ணீர்.

"அண்ணே, இவருக்குத் தீ பட்டிருச்சு."

"என்னது?"

"மோட்டார் ரூம்ல. பம்பு காத்து வாங்குது, தண்ணி ஏறலைன்னு பாக்கப் போனாரு. கதவைச் சாத்திட்டு சிகரெட்டைப் பத்த வெச்சிருக்காரு. பப்புனு ஒரு சத்தம். புருவம் இல்லண்ணே! ரெண்டு புருவமும் இல்ல, கையெல்லாம் சிவந்து கிடக்கு."

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மச்சான்கிட்ட சொல்லு, எனக்கு ஒண்ணுமில்ல, கூரையிலதான் நெருப்பு ஓடுச்சு, அழகா நீலமா இருந்துச்சுன்னு."

"அந்த ஆளை வாயை மூடச் சொல்லு!" என்று பூஜ்யம் கத்தினார். "நல்லாக் கேளு. மோட்டார் ரூம் பக்கம் யாரும் போகாதீங்க. கதவு திறந்தே கிடக்கட்டும். அங்க இருக்கிற சுவிட்சைத் தொடாத, பொறி பறந்தாலே போதும். வீட்டுல இருக்கிற மெயினை அணை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"என்னண்ணே அது?"

"கேஸ்."

"ஒண்ணும் இல்லைன்னு உங்க கம்பெனி பாட்டில்காரர் சொன்னாரே? தண்ணி வெள்ளையா நுரைச்சு வருது, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடுதுன்னு நான் உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்? நீதானே டெஸ்ட் பண்ண ஆள் அனுப்பின?"

ஆமாம், அவர்தான் அனுப்பினார். ஆறு மாதம் முன்னால். பாட்டில்காரர் எங்கே தண்ணீர் பிடித்தார் என்பதும் பூஜ்யத்துக்குத் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே. மோட்டாரில் ஏறி, மொட்டைமாடித் தொட்டியில் கொட்டி, ஒரு ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்து, சமையலறைக் குழாயில் இறங்கிய தண்ணீர். அதை அகல வாய்ப் பாட்டிலில் பாதி நிரப்பி, மூடியைப் பிறகு தேடி எடுத்துத் திருகினார். கலந்திருந்த வாயுவெல்லாம் தொட்டியிலேயே பறந்து போயிருக்கும். நேற்றுத் திறந்த சோடாவை இன்று ஊற்றிப் பார்த்து, இதில் கேஸே இல்லையே என்று சான்றிதழ் கொடுக்கிற மாதிரி. அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று அழகாக அச்சடித்து வந்தது. தங்கச்சி அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

முதலில் வெளியே விட்டுவிட வேண்டும், அப்புறம் அளக்க வேண்டும். தண்ணீருக்கும் அதே வைத்தியம், கிணற்றுக்கும் அதே வைத்தியம். பாட்டில்காரரைத் திட்ட வாயெடுத்தவர், தன் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

முகம் கழுவும் நாட்கள் வருடத்துக்கு நாலு. மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் வால்வு மூடியே இருந்தது. வெளியே வழியில்லாத வாயு இடுக்கில் முட்டி முட்டிப் பார்த்து, பெரிய குழாயின் அடி முடிகிற இடத்தில் கசிந்து, தண்ணீர் ஓடும் மணலுக்குள் நுழைந்திருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்து போருக்கு வந்திருக்கிறது. போரிலிருந்து கிளம்பி, மூடிய அறையின் கூரைக்கடியில் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கிறது. மாப்பிள்ளையின் சிகரெட்டுக்காகக் காத்திருந்திருக்கிறது.

பின்னால் காலடிச் சத்தம். மேனேஜரும் ஆய்வாளரம்மாவும் வந்துகொண்டிருந்தார்கள். ஸ்லைடு ஐம்பத்தி இரண்டு வரும்வரை காத்திருக்க அந்த அம்மா தயாராக இல்லை போலிருக்கிறது. இன்னும் அரை நிமிடம் இருந்தது. வால்வைத் திறந்தால் சீறும் சத்தம் கேட்டுவிடும். ஆனால் மேனேஜர் சமாளிப்பார், வழக்கமான பராமரிப்பு என்பார், அந்த வித்தையில் அவர் கில்லாடி. திறக்கலாம். கை தயாராகத்தான் இருந்தது.

பூஜ்யம் ஸ்பேனரைக் கழற்றித் தரையில் வைத்தார். வைத்ததும் பெரிய மனிதராகிவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது.

ஆய்வாளரம்மா குனிந்து பார்த்தார். "பதினொண்ணு."

"மீட்டர் பழசு மேடம்" என்றார் மேனேஜர், மூச்சு விடுவதற்கு முன்பே. "வெயில்ல இப்படித்தான் முள் ஆடும். மாத்தச் சொல்லி எழுதிருக்கோம்."

அந்த அம்மா பையைத் திறந்தார். அவ்வளவு கனத்துக்கும் காரணம் உள்ளே இருந்த சொந்த மீட்டர். கீழே கிடந்த ஸ்பேனரையே எடுத்து, பழையதைக் கழற்றித் தன்னுடையதை மாட்டினார். அது பன்னிரண்டு காட்டியது. வெயிலைக் குறை சொல்ல மேனேஜருக்கு இப்போது வழியில்லை.

"வால்வைக் கடைசியா எப்ப திறந்தீங்க?" என்று பூஜ்யத்தைக் கேட்டார். பதிவேட்டில் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தின் மேல் விரல் வைத்திருந்தார். நான்கு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.

"இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

"போன ஆய்வு அன்னைக்கு. அதுக்கு முன்னாடி அதுக்கு முந்தின ஆய்வு அன்னைக்கு."

"இவருக்கு உடம்பு சரியில்ல மேடம், வீட்டுல ஏதோ பிரச்சினை" என்றார் மேனேஜர்.

"ஆமா" என்றார் பூஜ்யம். "என் தங்கச்சி வீட்டுல. போர்த் தண்ணியில கேஸ் வந்து பத்திக்கிச்சு. வால்வைத் திறக்காம விட்டா முப்பத்துநாலு காட்டும் மேடம். எழுதினது எல்லாம் என் கையெழுத்துதான்."

ஆய்வாளரம்மா வால்வுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்தார். இருபத்துநாலு மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்றார். அங்கிருந்து நேராக நர்சரிக்குப் போய், அறையைக் காற்றாட விட்ட பிறகு, தொட்டிக்குப் போகும் முன்னால், போரின் வாயிலேயே தண்ணீர் பிடித்தார். குழாயைப் பாட்டிலின் அடிவரைக்கும் விட்டு, ஒரு குமிழிகூட இல்லாமல் தளும்பத் தளும்ப நிரப்பி, அப்படியே மூடினார். மறுநாள் காலை முள் முப்பத்துநான்கில் நின்றது. ஒரு வாரத்தில் தண்ணீர் அறிக்கையும் வந்தது. இந்தத் தடவை கண்டறியப்பட்டது, நன்றாகவே கண்டறியப்பட்டது. வாயு ஆழத்துப் பாறை அடுக்குகளிலிருந்து வந்தது என்றும் அதில் எழுதியிருந்தது. புதிய மூன்று கிணறுகளுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்றாவது கிணற்றில் சிமெண்டைச் சரிசெய்ய உத்தரவு வந்தது.

நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. 'ஒரு தனிப்பட்ட ஊழியர் பதிவுகளில் செய்த தவறு' என்று அதில் இருந்தது. அந்தத் தனிப்பட்ட ஊழியரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். மேனேஜரை வேறு வளாகத்துக்கு மாற்றினார்கள், இன்னும் பெரிய நாற்காலியோடு. நடந்ததிலிருந்து அவர் பாடம் கற்றுக்கொண்டாராம். இப்போதெல்லாம் பேச்சு இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறதாம்.

வேலை போன மறுநாள் பூஜ்யம் நர்சரிக்குப் போனார். மாப்பிள்ளை கையில் கட்டோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். புருவம் இல்லாத முகம் எந்நேரமும் ஆச்சரியப்படுவது போலவே இருந்தது. "வாங்க மச்சான்" என்றார். நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னார். அதுதான் பூஜ்யத்துக்குத் தாங்கவில்லை. வாசலில் லாரியில் கொண்டுவந்த தண்ணீர்க் கேன்கள் வரிசையாக நின்றன. கிணற்றைச் சரிசெய்தாலும் மணலுக்குள் போன வாயு எப்போது தீரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாதமாகலாம், வருடமாகலாம்.

தங்கச்சி மோட்டார் அறை வாசலில் நின்றிருந்தாள். இரும்புக் கதவின் கீழ்க்கீலைக் கழற்றிவிட்டிருந்தாள். மேல்கீல் அவளுக்கு எட்டவில்லை.

"அண்ணே, அந்த முள்ளு முதல்ல எப்ப ஏறுச்சு?"

"கிணறு ஓட ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம்."

"அப்படின்னா நாலு வருஷம் ஆகப்போவுது." விரல் விடாமலே கணக்குப் போட்டாள். "முன்னாடி இங்க வெறும் கம்பிவலைக் கதவுதான் இருந்துச்சு. காத்து போகும் வரும். மோட்டார் திருட்டுப் போயிடும்னு சொல்லி, இந்த இரும்புக் கதவை நீதானே போட்டுக் குடுத்த. இடுக்கு இல்லாம, கச்சிதமா. அது எப்ப?"

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது, காற்றுப் போகிற சந்துகூட விடக் கூடாது என்று ரப்பர் பட்டை ஒட்டியது, தங்கச்சி டீ போட்டுக் கொடுத்தது.

"போன வருஷம்" என்றார்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையில் இருந்த ஸ்பேனரை அவரிடம் நீட்டி, மேல்கீலைக் காட்டினாள்.